கேட்காமல் வந்த அரை

அந்தப் பல் லேபில் கம்ப்யூட்டர் பார்ப்பவளுக்கு ஒரே ஒரு பெருமை. திரையைப் பார்க்காமலே தட்டுவாள். மருத்துவர்கள் அனுப்பும் தாளில் கண்ணும் விசைகளில் விரலுமாக, எந்தப் பல், என்ன நிறம் என்று அட்டவணையில் தட்டித் தள்ளினால், வேலைச் சீட்டு அச்சாகி உள்ளே போகும். உள்ளே பீங்கான் மேசையில் அவள் அண்ணி. பல்லின் மேல் மாட்டும் உறையைச் சீட்டில் உள்ள நிறத்துக்குச் செய்து முடிப்பது அண்ணியின் வேலை. ஏ3 என்றால் இளமஞ்சள். ஏ3.5 என்றால் அதைவிடக் கொஞ்சம் அழுத்தம். நாத்தனாரை இந்த லேபில் சேர்த்துவிட்டதும் அண்ணிதான்.

இந்த மாதம் அண்ணிக்கு நேரம் சரியில்லை. ஒரு வாரம் செய்த உறைகளில் ஐந்தாறு திரும்பி வந்தன. எல்லாமே நிறம் கூடிப்போனவை. அடுத்த வாரம் ஒரு புகாரும் இல்லை. அதற்கடுத்த வாரம் மறுபடியும் வரிசை கட்டித் திரும்பின. முதலாளி நல்ல மனிதர், குரலை உயர்த்தத் தெரியாதவர். அதனால் அவர் சொன்னது இன்னும் வலித்தது.

"கொஞ்ச நாள் பிளாஸ்டர் அச்சு ஊத்துற பக்கம் இருங்கம்மா. கண்ணுக்கும் ஓய்வா இருக்கும்."

அண்ணி சாயங்காலம் கண் டாக்டரிடம் போனாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று அவர் அனுப்பிவைத்தார். அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். அண்ணிக்கு அப்படி இல்லை. கண் நன்றாக இருந்தால் கெட்டது எது? கையா, புத்தியா?

திங்கட்கிழமை நாத்தனார் புதிய அட்டவணையைத் திறந்தாள். முன்பெல்லாம் வருடம் முழுக்க ஒரே நீளமான அட்டவணைதான். வாரத்துக்கு ஒன்று புதிதாகத் தொடங்கச் சொல்லி இந்த மாதம்தான் முதலாளி மாற்றியிருந்தார். முதல் தாள் ஏ3.5. தட்டினாள். அடுத்த தாள் ஏ3. தட்டியபோது மேசைவிளக்கு மினுக்கென்று அணைந்து எரிய, தாளிலிருந்து தலையைத் தூக்கினாள்.

அவள் தட்டியது ஏ3. கட்டத்தில் நின்றது ஏ3.5. அந்த ".5" மட்டும் நிழலடித்துக்கொண்டு, கூப்பிடாமலே பந்தியில் வந்து உட்கார்ந்த விருந்தாளி மாதிரி இருந்தது. என்டரை அழுத்தினாள். நிழல் போய் ஏ3.5 நிலைத்துவிட்டது.

அவளுக்குப் புரிந்தது. அதே பத்தியில் மேலே எழுதியிருப்பதை வைத்து மிச்சத்தை இது தானாக நிரப்புகிறது. ஏ3, ஏ3.5 இரண்டும் மேலே இருந்தால் எது என்று தெரியாமல் சும்மா இருக்கும். பழைய நீளப் பட்டியலில் இரண்டுமே இருந்தன. வாரப் பட்டியலில் ஏ3.5 முந்திக்கொண்டால், அந்த வாரத்து ஏ3 எல்லாம் ஏ3.5தான். சீட்டும் அப்படியே உள்ளே போயிருக்கிறது; அண்ணி சீட்டில் இருந்ததைத்தான் செய்திருக்கிறாள்.

வேலைக்கு வந்த புதிதில், அடைப்புக்குறிக்குள் சி என்று தட்டினால் அது காப்புரிமைக் குறியாக மாறியது. தானியங்கித் திருத்தத்தில் அதை அப்போதே அணைத்துவிட்டு, கம்ப்யூட்டரை அடக்கிவிட்டதாக நினைத்திருந்தாள். இது வேறு இடத்தில் இருக்கும் வேறு சுவிட்ச் என்று யார் கண்டார்கள்! ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பகுதியைத் திறந்து, கட்டங்களைத் தானாக நிரப்பும் வரியின் டிக்கை எடுத்தாள். ஏ3 தட்டினாள். ஏ3 ஆகவே நின்றது.

சத்தம் போடாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. இனித் தவறு வராது, அண்ணியும் என்றாவது பீங்கான் மேசைக்குத் திரும்பிவிடுவாள். இந்த யோசனை வந்ததற்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து போய் முதலாளியைக் கூட்டிவந்து, டிக்கை மறுபடி போட்டு, நடப்பதைக் காட்டினாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"போய் அவங்கள கூப்பிடும்மா. நானே சொல்லணும்."

அவர் சொல்லி முடித்து, பீங்கான் மேசையைக் கை காட்டிவிட்டுப் போனார். அண்ணி முழங்கை வரை பிளாஸ்டர் தூளோடு நின்றாள்.

"திட்டுங்க அண்ணி," என்றாள் நாத்தனார்.

"டாக்டர் அனுப்புற பேஷன்ட் போட்டோவ பாத்தப்பவே எனக்கு ஏ3 மாதிரிதான் இருந்துச்சு. ஒண்ணு ரெண்டு இல்ல, எல்லாமே."

"அப்புறம் ஏன் எங்கிட்ட வந்து கேக்கல?"

"சீட்டு நீ அடிச்சது. நீ தப்பு பண்ண மாட்டேன்னு என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன்."

நாத்தனாருக்குக் கண் நிறைந்தது. அண்ணி தூள் படாத விரலால் திரையைச் சுட்டினாள்.

"சரி, அழாத. அவருக்குக் காட்டுறதுக்குப் போட்டியே, அந்த டிக்க எடுத்தியா?"

எடுத்திருக்கவில்லை. எடுத்தாள்.