காப்புக்குள் போன ஈயம்

கஜேந்திரனுக்குத் தன் கைமேல் அப்படியொரு நம்பிக்கை. கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு எதிரே போன் திருத்தும் கடை வைத்திருக்கிறார். கடுகளவு பாகத்தையும் ஈயத்தால் ஒட்டி உயிர் கொடுத்துவிடுவார். அந்தக் கைத்திமிர்தான் நான்கு வருஷத்துக்கு முன்னால் அவரை மாட்டிவிட்டது.

மனைவி கிருஷாந்தியின் அம்மா கொடுத்த சோடிக் காப்பில் ஒன்று கீல் விட்டுப் போயிருந்தது. திறந்து மூடுகிற கனமான காப்பு. "நல்ல பத்தராப் பார்த்துக் குடுங்க" என்று சொல்லி அவர் கையில் கொடுத்தாள். மனுஷன் நகை செய்யும் பத்தரிடம் போனாரா? இல்லை. கடையில் உட்கார்ந்து தன் ஈயத்தையே கீலில் வைத்துவிட்டார். வெள்ளையாகத் தெரிந்த இடத்துக்கு மேல் தங்க நிறப் பெயின்ட் ஒரு பூச்சு. வீட்டுக்குப் போய், "கலஹாப் பக்கத்துப் பத்தர். கெட்டிக்காரன்" என்று ஒரு புளுகு!

அவளும் நம்பினாள். நம்பியதோடு விட்டாளா? நகரசபை அலுவலகத்தில் கூட வேலை செய்கிற அத்தனை பேரிடமும் அந்தக் கலஹாப் பத்தரைப் புகழ்ந்து தள்ளினாள். பத்தரின் விலாசத்தைக் கேட்டவர்களுக்கு, இந்தியாவுக்குப் போய்விட்டார் என்று கஜேந்திரன் பதில் சொல்லிச் சமாளித்தார்.

இப்போது மகளின் கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. கீல் மறுபடி படக்கென்று விட்டுவிட்டது. மகள் கையில் போட வேண்டிய காப்பு. கிருஷாந்திக்குப் பதற்றம் தாங்கவில்லை. இந்தமுறை அவளே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். கஜேந்திரனும் பின்னாலேயே ஓடினார். ஓடாமல் என்ன செய்வார்?

முதல் கடை கண்ணாடியும் வெளிச்சமுமாகப் பெரியது. அங்கிருந்தவர் காப்பைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "வச்சிட்டுப் போங்க, நாளைக்குப் புதுசு மாதிரி தாரோம்" என்றார். யார் வேலை செய்வார் என்று அவள் கேட்டதற்கு, "நம்ம ஆள்தான்" என்பதோடு பேச்சு முடிந்தது. இரண்டாவது கடைக்காரர் சிரித்தார். "ஒட்டிட்டு மேல முலாம் போட்டா ஒண்ணுமே தெரியாது." கிருஷாந்தி வெளியே வந்து, "தெரியாமப் போறதுக்கா நான் வந்தேன்? நிக்கணும்ல!" என்று படியிலேயே பொரிந்தாள்.

மூன்றாவது, கொழும்பு வீதிப் பக்கத்துச் சந்தில் மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிய ஒரு பட்டறை. அலுவலகத் தோழி பாயிஸா சொல்லி அனுப்பிய இடம். முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி, பெயர் இராஜகுமாரி, தனியாக உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தாள். வாங்கிய கையோடு காப்பைத் தராசில் வைத்து, எடையை அவர்களுக்குக் காட்டித் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். பிறகு பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டினாள். கஜேந்திரன் ஓரடி பின்னுக்கு நகர்ந்து நின்றார்.

"அக்கா, இது முன்ன எங்கயாச்சும் ஒட்டினதா?"

"ஆமா. கலஹாவுல ஒரு பத்தர்கிட்ட."

இராஜகுமாரி சுரண்டியால் கீலின் முதுகை லேசாகத் தொட்டாள். பெயின்ட் உரிந்து சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது. "இது பத்தர் வேலை இல்லக்கா. ஈயம். தங்கத்துக்கு ஈயம் பரம விரோதி. ஒட்டின இடத்துல தங்கத்தத் தின்னு, மொறுமொறுன்னு ஆக்கிடும். அதனாலதான் படக்குனு விட்டிருக்கு. இதோட நெருப்பு வச்சா உள்ள ஊறிக் குழி விழுந்துடும். அப்பறம் உருக்கத்தான் வேணும்."

"அடப் பாவி!" கிருஷாந்தி கொதித்துவிட்டாள். "அவன் கை வெளங்குமா? அவனெல்லாம் ஒரு பத்தனா? நாலு வருஷமா அவனப் புகழ்ந்தேனே, என்னைச் சொல்லணும்!"

கஜேந்திரன் தலையைக் குனிந்து தரையைப் பார்த்தார். வசவெல்லாம் வேறொருவன் பேருக்குப் போய்த் தன் தலையில் விழுவதை அப்படியே வாங்கிக்கொண்டார்.

இராஜகுமாரி உரைகல்லில் காப்பை இழுத்துப் பார்த்தாள். "பழைய தங்கம், செம்பு தூக்கலா இருக்கு. அதான் இந்தச் செவப்பு. ஒட்டுறதுக்கு வைக்கிற தங்கப் பொடி, நகை உருகுறதுக்கு முன்னாடி உருகணும், அதனால அதுல தங்கத்தோட மாத்து குறைவாத்தான் இருக்கும். கடைல விக்கிற பொடில வெள்ளி கூட. வெளுத்துப் போய்த் தனியாத் தெரியும். நான் இந்த நிறத்துக்குச் செம்பு சேத்து உருக்கிக்கிறேன். அப்பவும் உத்துப் பார்த்தா மயிரிழைக் கோடு தெரியும். தெரியவே தெரியாதுன்னு நான் சொல்லமாட்டேன்."

கிருஷாந்தி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு கடையிலும் கிடைக்காத நிம்மதி அவள் முகத்தில் வந்தது.

இராஜகுமாரி காப்பை மெல்ல உருட்டிக்கொண்டே வந்தாள். "வேற எங்கயாச்சும் ஈயம் வச்சிருப்பாங்களாக்கா? தெரிஞ்சா சொல்லிடுங்க. எனக்குத் தெரியாத ஈயத்த நெருப்புதான் கண்டுபிடிக்கும். அப்பப் பார்த்துப் பிரயோசனமில்ல."

"கீல் மட்டுந்தான்" என்றாள் கிருஷாந்தி.

கஜேந்திரன் காப்பையே பார்த்தார். கீல் மட்டுமில்லை. அன்றைக்குப் பூட்டு நாக்கும் ஆடுகிறதென்று, நாக்கு போய் மாட்டுகிற பொந்துக்குள்ளும் அவர் ஒரு சொட்டு வைத்திருந்தார். வெளியே தெரியாது. பூதக்கண்ணாடிக்கும் அகப்படாது. அவருடைய ஈயம் இருநூறு டிகிரிக்குள் உருகுகிற சாமான். தங்கப் பொடி ஓட எழுநூறாவது வேண்டும். கீலில் சூடு வைத்தால் தங்கம் அதைக் காப்பு முழுக்கக் கடத்திவிடும். பொடி ஓடுவதற்கு வெகு முன்னாலேயே அந்தச் சொட்டு உருகித் தின்ன ஆரம்பிக்கும். ஊரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்கு இது தெரியும்.

வாயைத் திறந்தால் மானம் போகும். மூடியிருந்தால் காப்பு போகும்.

"பூட்டுக்குள்ளயும் இருக்கு" என்றார்.

இரண்டு பெண்களும் திரும்பினார்கள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் கிருஷாந்தி.

"நான்தான் வச்சேன். ரெண்டையும். கலஹாவுல எந்தப் பத்தரும் இல்ல."

கிருஷாந்தி கதிரையை அவர் பக்கமிருந்து திருப்பிப் போட்டுக்கொண்டாள். வசவு பாடியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இராஜகுமாரிதான் பேசினாள். "நல்ல வேளை சொன்னீங்கண்ணே. உள்ள நான் பார்த்திருக்க மாட்டேன்." அவ்வளவுதான். குத்தலும் இல்லை, சிரிப்பும் இல்லை. பொந்தைத் திறந்து வேலையில் இறங்கினாள்.

பிறகு நடந்ததைக் கஜேந்திரன் கண் கொட்டாமல் பார்த்தார். ஈயத்தைச் சுரண்டினாள். அது ஊறிய தங்கத்தை இரக்கமில்லாமல் அறுத்தெடுத்தாள். விழுந்த தூளையும் துண்டையும் காகிதத்தில் மடித்துக் கிருஷாந்தியிடமே கொடுத்தாள். அறுத்த இடத்துக்கு அதே நிறத் தங்கத்தில் புதுத் துண்டு செய்தாள். இரண்டு முனையும் சேருகிற இடத்தில் வெளிச்சம் புகாமல் ஆகும்வரை அராவினாள். "இடைவெளியப் பொடியால அடைக்கக் கூடாது, அப்படிச் செஞ்சா அது நிக்காது" என்றாள். பொடி ஓட உதவுகிற வெங்காரம் தடவி, மணலளவுப் பொடி வைத்து, நெருப்பைப் பொடிமேல் காட்டாமல் இருபக்கமும் சமமாகச் சுற்றினாள். தங்கம் சிவந்து வந்தது. சட்டென்று பொடி உருகி, பளிச்சென்று, மூட்டு முழுக்கத் தண்ணீர்போல ஓடி மறைந்தது.

"அடேயப்பா!" கஜேந்திரன் தன்னை மறந்து கத்திவிட்டார். முப்பது வருஷமாக ஈயம் பிடித்த கைக்குத்தான் அது எவ்வளவு பெரிய வேலையென்று புரியும். கும்பிடலாம் போலிருந்தது. கூச்சம் பார்க்காமல் அதைச் சொல்லியும்விட்டார். இராஜகுமாரி வெட்கப்பட்டு நெருப்பை அணைத்தாள்.

மெருகு ஏற்றிக் காப்பு கைக்கு வந்தது. மறுபடி நிறுத்துக் காட்டினாள். கிருஷாந்தி பத்து முறை திறந்து மூடினாள். உற்றுப் பார்த்தால் பின்பக்கம் அந்த மயிரிழைக் கோடு தெரிந்தது, சொன்னபடியே.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் அவர். பேராதனை தாண்டும்வரை அவள் பையைத் திறந்து காப்பைப் பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தாள். கஜேந்திரனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"ஏதாச்சும் பேசேன்" என்றார்.

"நீங்க வாய் தொறக்கலேன்னா என்ன ஆகியிருக்கும்?"

"தொறந்தேனே."

"அதுக்காகத்தான் ஒரே பஸ்ல வாரேன்" என்றாள் கிருஷாந்தி. காப்பிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.