ஒரே ஒரு வரி

கிளினிக் மேனேஜர் அம்மா இணைய விமர்சனத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார். கூடவே பழுப்புக் கறை படிந்த படுக்கை விரிப்பின் படம். “எங்கள் நோயாளிகளை இதில் எப்படிப் படுக்க வைப்பது?”

சலவை நிறுவனத்தின் முதலாளிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் கறைக்குக் காரணம் அவர்தான். கிளினிக் துணிக்கு பிளீச் ஆகாது, அவர்கள் பூசும் கிருமிநாசினியோடு சேர்ந்தால் கறை ஏறிவிடும் என்று அவருடைய தம்பி தலைபாடாக அடித்துக்கொண்டார். மெஷின் பொறுப்பு முழுக்கத் தம்பியுடையது. அண்ணன்தான், சீக்கிரம் வெளுக்கட்டும் என்று ஒரு கேன் பிளீச்சைத் தன் கையாலேயே ஊற்றினார்.

“அந்தம்மா பொய் சொல்றாங்கன்னு எழுது” என்றார் மருமகளிடம். விமர்சனங்களுக்குப் பதில் போடுவது அவள் வேலை.

“சண்டை போட்டா படிக்கிறவங்க எல்லாம் அவங்க பக்கம் போயிடுவாங்க, மாமா. நன்றி சொல்லணும், மன்னிப்பு கேக்கணும், சாக்கு சொல்லக் கூடாது. மிச்சத்தைப் போன்ல பேசிக்கலாம்.”

அப்படியே எழுதினாள். கீழே வழக்கம்போலச் சின்ன மாமாவின், மாமனாரின் அந்தத் தம்பியின், எண்ணைப் போட்டாள். புகார் என்றால் நேரில் போய்க் கெஞ்சிவிட்டு வருவது அவர்தான்.

முதலாளி படித்துப் பார்த்தார். “சப்புன்னு இருக்கு. ‘தவறுக்குக் காரணமான மெஷின் பொறுப்பாளரை நீக்கிவிட்டோம்’னு ஒரு வரி சேர்த்துடு.”

“ஆளைக் காட்டிக் கொடுக்கிற மாதிரி ஆயிடும், மாமா.”

“பேரா போடச் சொன்னேன்? வெறும் வார்த்தைதானே!”

தம்பி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். “போட்டுக்கோம்மா. கிளினிக் போச்சுன்னா எல்லாருக்கும்தான் கஷ்டம். யாரு இதையெல்லாம் ஞாபகம் வச்சிருக்கப் போறா?”

நல்ல மனுஷன். நல்ல மனுஷர்களைத்தான் முதலில் பலி கொடுப்பார்கள், அவர்கள்தான் கத்த மாட்டார்கள்.

மறுநாளே மேனேஜர் அம்மா விமர்சனத்தைத் திருத்தி நான்கு நட்சத்திரம் ஆக்கினார். “பணிவான பதில். ஆளை நீக்கியது சரியான முடிவு.” புது ஒப்பந்தத்துக்கு முன் சலவைக்கூடத்தைப் பார்க்க வெள்ளிக்கிழமை வருவதாக முதலாளிக்குப் போனில் சொன்னார்.

“அன்னைக்கு மட்டும் நீ வராதடா” என்றார் அண்ணன்.

வெள்ளிக்கிழமை மெஷின் பக்கத்தில் முதலாளியின் மகன் நின்றான். எந்த பட்டன் எதற்கு என்று தெரியாவிட்டாலும் ஏப்ரன் கச்சிதமாக இருந்தது. “புதுப் பொறுப்பாளர்” என்றார் முதலாளி. ஒப்பந்தம் கையெழுத்தானது. புருஷனுக்குச் சம்பளம் கூடியதில் மருமகளுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான், அதை மறைப்பானேன்.

திங்கட்கிழமை தம்பி வந்தார். தன் ஏப்ரனை அண்ணன் மகன் போட்டிருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றார்.

“அந்தம்மா எப்ப வேணாலும் வந்து நிப்பாங்க. கொஞ்ச நாள் போகட்டும்” என்றார் அண்ணன்.

கொஞ்ச நாள் போனது. யாரும் கூப்பிடவில்லை. அவர் மற்ற சலவைக்கூடங்களில் ஏறி இறங்கினார். எல்லோரும் போனைத் தட்டி அந்தப் பதிலைப் படித்துவிட்டு, “பாத்துச் சொல்றோம்” என்றார்கள்.

ஒரு காலையில் புதிய ஒற்றை நட்சத்திரம் வந்தது, அவருடைய பெயரிலேயே. “பிளீச் ஊற்றியது நான் இல்லை. கிளினிக்குக்குப் போட்ட பதிலில் இருந்து அந்த ஒரு வரியை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். எனக்கு எங்கேயும் வேலை கிடைக்கவில்லை.”

போட்ட பதிலை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், ஒரு நிமிட வேலை. மருமகள் திருத்தும் பக்கத்தைத் திறந்துகூட விட்டாள்.

“வரியை எடுத்தா அந்தம்மா ஏன்னு கேப்பாங்க. அப்புறம் உன் புருஷன் எங்க நிப்பான்?” என்றார் மாமனார். “இவன் என்ன நம்ம கஸ்டமரா? பதில் போடு. மரியாதையாப் போடு.”

அவள் பக்கத்தை மூடினாள். பதிலைத் தட்டினாள். பழகிய வேலை.

“வணக்கம் ஐயா. தங்கள் மேலான கருத்துக்கு நன்றி. எங்கள் வாடிக்கையாளர் பட்டியலில் தங்கள் பெயரைக் காண இயலவில்லை. வேறு நிறுவனத்தை எண்ணிப் பதிவிட்டிருக்கலாம். தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். குறைகள் இருப்பின் கீழ்க்கண்ட எண்ணில் அழைக்கவும். அக்கறையோடு கேட்கக் காத்திருக்கிறோம்.”

எண்ணைப் பழைய பதிலிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டினாள். அது இன்னும் சின்ன மாமாவின் எண்ணாகத்தான் இருந்தது.