பக்கத்துக்கு ரெண்டு இஞ்ச்

இந்தத் தடவை யாரையும் கேட்கக் கூடாது. பஞ்சு எவ்வளவு தடிமன், கோடு எந்தப் பக்கம், எல்லாம் நானே. அக்காவிடம் மட்டும் வாயைத் திறக்கவே கூடாது.

தங்கை இப்படி நினைத்து முடிப்பதற்குள் அக்கா வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். கையில் ஒரு பெரிய பொட்டலம்.

"என்ன குச்சி, தையல் மிஷினை வெளிய எடுத்திருக்கே? யாருக்கு?"

"எனக்குத்தான்க்கா."

அக்கா நின்றுவிட்டாள். சமையலறை மேசையில் மிஷின், அதன் பக்கத்தில் நீலப் பருத்தித் துணி. இந்த மிஷின் வீட்டுக்கு வந்து பதினெட்டு வருஷம். அது தைத்ததெல்லாம் பிள்ளைகளின் சீருடை, திரைச்சீலை, கணவரின் பேன்ட் ஓரம், அக்காவின் கவுன். தனக்கென்று குச்சி ஒரு முழு உடுப்பு தைத்துக்கொண்டதே இல்லை. இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அங்கே ஏசி ஓயாது. மெல்லிசாக, மடிப்பு விழாமல், உள்ளே பஞ்சு வைத்து, அது நகராமல் மேலே கோடு கோடாகத் தைத்து, குளிருக்கு ஒரு ஜாக்கெட். இரண்டு மாதமாக அந்த நீலத் துணியை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

"துணிக்கடையில வேலை பார்க்கிற அக்கா ஒருத்தி இருக்கான்னு உனக்கு ஞாபகமே இல்ல. நல்லவேளை, பஞ்சு வெச்சு ஏதோ தைக்கப்போறேன்னு மாப்பிள்ளை போன்ல சொன்னாரு," என்று பொட்டலத்தைப் பிரித்தாள் அக்கா. உள்ளே விரல் தடிமனுக்குப் பாலியெஸ்டர் பஞ்சு. "இதை வை. டைமண்ட் கட்டமா தையி. கடையில தொங்குறது மாதிரி புசுபுசுன்னு வரும்."

கூடத்தில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்த கணவர் இன்னும் கொஞ்சம் உள்ளே போனார்.

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அதனால் கையால் சொன்னாள். அக்கா கொண்டுவந்த பஞ்சில் ஒரு சதுரம், பாக்கெட்டில் வாங்கிய பருத்திப் பஞ்சில் ஒரு சதுரம், துவைத்துக் காயவைத்த மெத்தென்ற ஃப்ளானல் துணியில் ஒரு சதுரம் என்று பக்கத்துக்குப் பன்னிரண்டு அங்குலம் வெட்டி, மேலும் கீழும் துணி வைத்து ஊசி குத்தினாள். மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட்டை மாட்டினாள். இருந்தும் தடித்த பஞ்சு மிஷினின் பாதத்துக்கு அடியில் நுழைய முரண்டு பிடித்தது. கட்டம் போட்டு முடித்தபோது பதினொன்றே கால் அங்குலமாகச் சுருங்கி, நடுவில் தொப்பை போட்டிருந்தது.

"இதை மாட்டிக்கிட்டுப் போனா மெத்தை எழுந்து வேலைக்கு வந்த மாதிரி இருக்கும்," என்றார் கணவர்.

"நீங்க பேசாதீங்க மாப்பிள்ளை. உங்க பேன்ட் ஓரத்தையே அவதான் மடிச்சுக் குடுக்கணும்."

பருத்திப் பஞ்சில் ஒரு அங்குலத்துக்கு ஒரு கோடு ஓட்டியது அட்டை போல விறைத்தது. ஃப்ளானல் வைத்து இரண்டு அங்குலத்துக்கு ஒரு நேர்கோடாக ஓட்டியது மட்டும் கையில் எடுத்ததும் துவண்டு தொங்கியது. கால் அங்குலம்தான் சுருங்கியிருந்தது.

"இதுதான்க்கா. மேலிருந்து கீழே நேர்கோடு. கட்டம் போட்டா பக்கத்துத் தையல்ல ஒண்ணோட ஒண்ணு சேரணும், கண்ணு போயிடும்."

"உனக்கு நேர்கோடா? ஏற்கனவே நீ ஒரு கோடு," என்றாள் அக்கா. சிரித்துவிட்டு, போகிறபோக்கில் சொல்வது போலச் சொன்னாள்: "சரி, உன் இஷ்டம். ஆனா பேட்டர்ன்ல பக்கத்துக்கு ரெண்டு இஞ்ச் விட்டு வெட்டு. தைச்சா சுருங்கும், பார்த்தல்ல."

அவள் தலையாட்டினாள். அக்கா போன பிறகு தேநீர்க் கோப்பையைக் கழுவும்போதுதான் உறைத்தது. துணியைப் பெரிதாக விட்டு முதலில் கோடு தைத்துவிட்டு, அதன் பிறகுதானே பேட்டர்ன் காகிதத்தை மேலே வைத்து அளவாக வெட்டுவார்கள்? சுருங்குவதெல்லாம் வெட்டுவதற்கு முன்னாலேயே சுருங்கி முடிந்திருக்குமே. கடைக்கு வருகிறவர்களுக்கு இதைத் தினமும் நாலு தடவை சொல்லுகிறவள் அக்கா.

பக்கத்துக்கு இரண்டு அங்குலம். முன்னும் பின்னும், இடமும் வலமும் சேர்த்தால் எட்டு. குச்சிக்கும் அக்காவுக்கும் சுற்றளவில் உள்ள வித்தியாசமும் கிட்டத்தட்ட அதுதான்.

கோபம் வரும் என்று காத்திருந்தாள். சிரிப்புதான் வந்தது. மற்ற வீடுகளில் மூத்தவள் துணி இளையவளுக்கு இறங்கும். இவர்கள் வீட்டில் இளையவள் துணி மூத்தவளுக்கு ஏறும். பிரவுன் ஸ்வெட்டர், மழைக்கோட்டு, கல்யாணத்துக்கு வாங்கிய சால்வை. எதையும் அக்கா பிடுங்கியதில்லை. 'எனக்குப் பார்த்து வாங்கின மாதிரியே இருக்குடி' என்பாள். இவளே மடித்துப் பையில் போட்டுக் கொடுப்பாள். கொடுத்துவிட்டு, தாராள மனசுக்காரி என்று தன்னைப் பற்றி நினைத்துக்கொள்வது அவளுக்குப் பிடித்தும் இருந்தது. அதை இப்போது ஒத்துக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அடுத்த இரண்டு ஞாயிறும் தைத்தாள். நடுக்கோட்டில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டே போனாள். துணி கோணிக்கொள்ளாமல் இருக்க எல்லாக் கோட்டையும் கழுத்துப் பக்கமிருந்து கீழ்நோக்கியே ஓட்டினாள். முழுத்துணியும் கோடாகி முடிந்த பிறகு பேட்டர்னை விரித்தாள். கத்தரிக்கோல் கையில். இரண்டு அங்குலம் விடலாம். விட்டால் யாருக்கும் நஷ்டமில்லை, எனக்குச் சற்றே தொளதொளவென்று இருக்கும், அவ்வளவுதானே என்று பழைய மனசு சமாதானம் பேசியது. பேட்டர்னின் ஓரத்தை ஒட்டியே வெட்டினாள்.

மூன்றாவது ஞாயிறு காலை அக்கா வந்தபோது ஜாக்கெட் நாற்காலி முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அடியே, பிரமாதமா இருக்கே," என்று எடுத்து மாட்டிக்கொண்டாள். கை நுழைந்தது. முதுகு இழுத்தது. முன்பக்கத்தில் பட்டனுக்கும் காஜாவுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.

"பட்டனும் காஜாவும் பேச்சுவார்த்தையில இல்ல போலிருக்கு," என்றார் கணவர்.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. "ரெண்டு இஞ்ச் விடச் சொன்னேனே?"

"கோடு போட்டுட்டு அப்புறம்தான் வெட்டினேன்க்கா. கடையில நீ சொல்லித் தருவியே, அதே மாதிரி."

அக்காவின் முகத்தில் ஒரு கணம் மாட்டிக்கொண்ட சிறுபிள்ளை தெரிந்தது. பிறகு அவளே சிரித்துவிட்டாள். "பெரிய ஆளாயிட்டே. சரி, விஷயத்துக்கு வரேன். வெள்ளிக்கிழமை என் பையன் இருக்கிற ஊருக்குப் போறேன். அங்க குளிரு. பஸ்ல கனமா எதையும் போட்டுக்க முடியாது. இது மாதிரி லேசா ஒண்ணு வேணும்."

மேசைக்கடியில் கிடந்த மிச்சத் துணியை அக்காவின் கண் கண்டுபிடித்துவிட்டது. நீளமாக, கோடு போட்டது. எடுத்து ஜாக்கெட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "பக்கத்துத் தையலைப் பிரிச்சு இதுல ஒரு பட்டை சேர்த்துடு. நேர்கோடுதானே, ஒட்டுப் போட்டதே தெரியாது. ஒரு மணி நேர வேலை. நான் போயிட்டு வந்ததும் நீயே வெச்சுக்க."

உண்மைதான். ஒட்டு தெரியாது. கட்டம் போட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருக்கலாம். துணி மிச்சமில்லாமல் இருந்தால் அதைச் சொல்லியிருக்கலாம். சொல்ல ஒரு சாக்கும் அகப்படவில்லை. அகப்படாததே நல்லது என்று அவளுக்குத் தோன்றியது.

அக்காவின் தோளிலிருந்து ஜாக்கெட்டை மெதுவாகக் கழற்றினாள். உட்புறம் வெளியே வந்திருந்த கையை நேராக்கினாள். தானே மாட்டிக்கொண்டு, கீழிருந்து ஒவ்வொரு பட்டனாகப் போட்டாள். உடம்போடு உட்கார்ந்தது.

"பண்ணலாம்க்கா, ஒட்டு தெரியாதுதான்," என்றாள். "ஆனா பிரிக்க மாட்டேன். இது எனக்குன்னு தைச்சது."