முதல் கேள்வியாக இருந்த வீடு

செருப்பைக்கூடக் கழற்றாமல் இசைவாணியின் கம்ப்யூட்டர் சென்டருக்குள் நுழைந்தார் காசிநாதன். பிரிண்ட் எடுக்க நின்றிருந்த இரண்டு பேர் தாமாகவே ஒதுங்கினார்கள்.

"எங்க போச்சு எங்க வூட்டுக் கேள்வி?"

இசைவாணி நிமிர்ந்தாள். பங்காளி முறையில் அவருக்கு மகள். மணலூர்பேட்டைக்கு அப்பால் ஆற்றோரம் இருக்கும் அவர்கள் குலதெய்வக் கோயிலின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்பவளும், கோயில் நம்பருக்கு வரும் போனை எடுப்பவளும் அவள்தான்.

"கீழ இருக்குது பெரியப்பா. எதுவும் அழிக்கல."

"கீழயா? மொதல்ல இருந்தத கீழ தள்ளிட்டு அழிக்கலன்றியா?"

அந்தத் தளத்தில் 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' என்று ஒரு பக்கம் உண்டு. தொடங்கிய காலத்தில் ஒவ்வொரு வகையறாவும் தனக்குத் தோன்றிய கேள்வியையும் பதிலையும் எழுதிக் கொடுத்தது. கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடுகிற மாதிரி, மூத்த குடும்பத்துக் கேள்வி முதலில் வந்தது: 'ஆடித் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு?' பதில்: பெரிய வீட்டு வகையறாவுக்கு. அது காசிநாதன் வீடு. ஊருக்கு வருகிற சம்பந்திகளிடமெல்லாம் அவர் போனைத் திறந்து அந்த முதல் வரியைக் காட்டுவார். அதற்கு மேல் அந்தப் பக்கத்தில் அவர் எதையும் படித்ததில்லை.

இசைவாணி திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"பாருங்க. 'நடை எப்போ திறக்கும்', 'ஞாயித்துக்கிழம பூசாரி இருப்பாரா', 'மதியானம் சாத்திடுவீங்களா'ன்னு ஒரே சங்கதி அஞ்சாறு எடத்துல இருந்துச்சு. எல்லாத்தையும் ஒரே கேள்வியா சேத்துட்டேன். பழைய பதில்ல இருந்த விவரம் அத்தனையும் புதுசுல இருக்குது. பழைய லிங்க்க யாரு தொட்டாலும் இங்கதான் வந்து நிக்கும். காது குத்தறது, மொட்டை, பஸ்ஸு வழி, எல்லாமே அப்படித்தான். போன்லயும் வாட்ஸப்லயும் எத ஜாஸ்தி பேரு கேட்டாங்களோ அது மேல, கம்மியா கேட்டது கீழ. அமாவாசைக்கு அமாவாசை புதுசா எண்ணி வரிசைய மாத்துவேன்."

"எங்க கேள்விய எத்தினி பேரு கேட்டான்?"

அவள் தயங்கினாள். "நான் பாக்க ஆரம்பிச்சதுலேருந்து ஒருத்தரும் கேக்கல."

பிரிண்ட் எடுக்க வந்தவர்களில் ஒருவன் சிரிப்பை இருமலாக மாற்றினான். காசிநாதனுக்குக் காது சூடாகிவிட்டது.

"இன்னொண்ணும் இருக்குது பெரியப்பா. கீழ பாருங்க, மேற்கு வூட்டு சித்தப்பா குடுத்த கேள்வி. 'பரிவட்டம் முதலில் யாருக்கு?' பதில் அவங்க வூட்டுப் பேரு. கேள்வி ரெண்டும் ஒண்ணுதான், பதில்தான் வேற வேற. சேத்தா ஒரு பதில்தான் போட முடியும். அதான் சேக்காம வச்சிருக்கேன். கோயில் குழு கூடி எதுன்னு சொல்லுங்க."

இத்தனை வருஷமும் தம்முடைய முதல் வரிக்குக் கீழே மேற்கு வீட்டுத் தீனதயாளன் இப்படி ஒரு வரியை எழுதிவைத்திருந்தான் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"ஜாஸ்தி பேரு கேட்டா மேல வருமா?"

"வரும்."

"சரி" என்று கிளம்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மகன் வெற்றிவேலைக் கூப்பிட்டார். "பெங்களூருல, திருப்பூருல, நம்ம வகையறா எங்கெங்க இருக்குதோ அத்தினி பேரையும் கோயில் நம்பருக்குப் போன் போடச் சொல்லு. மொதல் மரியாதை யாருக்குன்னு கேக்கணும். அதுக்கு மேல ஒரு பேச்சு வேணாம்."

"இன்னாப்பா இது, ஓட்டா போடறாங்க?"

"சொன்னதச் செய்."

போன்கள் பறந்தன. மருமகள்களின் தாய்வீட்டார்கூடக் கேட்டார்கள். செய்தி மேற்கு வீட்டுக்கு எட்ட எவ்வளவு நேரமாகும்? தீனதயாளனின் ஆட்களும் பரிவட்டம் யாருக்கு என்று கேட்கத் தொடங்கினார்கள். நடுவில் கோயில் குழு ஒருமுறை கூடியது. தீனதயாளன் வாயைத் திறந்ததும் காசிநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். அவர் போன பிறகு அங்கே என்ன பேசினார்கள் என்று கேட்கவும் இல்லை.

அமாவாசைக்கு இசைவாணி பக்கத்தை மறுபடி வரிசைப்படுத்தினாள். வெற்றிவேல் ஓடிவந்து போனை நீட்டினான். எல்லாவற்றுக்கும் மேலே, நடை நேரத்துக்கும் மேலே, நின்றது அந்தக் கேள்வி: 'ஆடித் திருவிழாவில் முதல் மரியாதையும் பரிவட்டமும் யாருக்கு?'

காசிநாதன் மீசையைத் தடவிக்கொண்டார். "பதிலப் படி."

வெற்றிவேல் படித்தான். "'இதில் பெரிய வீட்டாருக்கும் மேற்கு வீட்டாருக்கும் கருத்து வேறுபாடு உள்ளது. கோயில் குழு இன்னும் முடிவு செய்யவில்லை.'"

அவர் போனைப் பிடுங்கி இசைவாணிக்குப் போட்டார். "யாரக் கேட்டு எழுதின? எங்க தாத்தா கட்டின கோயில்ல எங்களுக்கே கருத்து வேறுபாடா?"

"குழுவக் கேட்டுத்தான். நீங்க எழுந்து போனதுக்கப்புறம் சொன்னாங்க. ரெண்டு கேள்வியும் ஒண்ணாத்தான் சேருது. சேத்தா ஜாஸ்தி பேரு கேட்ட கேள்வி அதான்."

"வேணும்னே கேக்கறானுங்கன்னு தெரியாதா ஒனக்கு? மேற்கு வூட்டானோடதத் தள்ளு!"

"தெரியும். ஒருத்தர் பத்து தடவ கேட்டாலும் ஒண்ணுதான் எண்ணறேன். அவங்க ஆளுங்கள தள்ளினா ஒங்க ஆளுங்களையும் தள்ளணும். தள்ளட்டுமா?"

அவர் லைனை வெட்டினார்.

இரண்டு நாள் கழித்து ஒரு போன் வந்தது. கல்வராயன் மலையிலிருந்து கரியன். திருவிழா அபிஷேகத்துக்கு மலைத்தேன் கொண்டுவருவது அவர்கள் குடும்பம். தேன்குடத்தை வாங்கிக்கொண்டு கரியனுக்கு வேட்டி கொடுத்து அனுப்புவது பெரிய வீட்டு வழக்கம். கரியனின் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான்.

"பெரியவரே, தேன் எந்த நாளு கொண்டாரணும்? பையன் போன்ல பாத்தான். இங்க மேட்டுல ஏறினாத்தான் டவரே கெடைக்குது. பாதி பக்கம் வந்து நின்னு போச்சு. நாளு வரல. ஒங்க ரெண்டு வூட்டு சண்டைதான் வந்துச்சு."

காசிநாதன் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"அதான் கேக்கறன். கோவிச்சுக்காதீங்க. இந்த வாட்டி தேன யாரு கையில குடுக்கறது?"

மலையில் ஒரு மேட்டின்மேல் ஏறி நின்று ஒருவன் இதைக் கேட்கிறான். சம்பந்திகள் கேட்டிருந்தால்கூட அவர் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார். "ஆடி மூணாம் வெள்ளி. எங்கிட்டதான் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

பிறகு, தம் அப்பாவின் கருமாதிக்கு அப்புறம் தம்மோடு பேசாத தீனதயாளனின் நம்பரை வெற்றிவேலிடம் கேட்டு வாங்கினார்.

"யாரு?"

"நான்தான். ஒன் ஆளுங்கள கேக்க வேணாம்னு சொல்லு. கேள்வி கீழ போவட்டும். மலை ஆளுங்க வரைக்கும் நாறிப் போச்சு."

"ஓ. ஆரம்பிச்சது யாருண்ணே?"

"அத வுடு."

"இன்னாத்த வுடறது? மொதல்ல ஒங்க வூட்டு வாய மூடுங்க. அப்புறம் நாங்க மூடறோம்."

"நீ மொதல்ல நிறுத்து."

"எல்லாத்துலயும் நீங்கதான மொதல்ல நிப்பீங்க? இதுலயும் நில்லுங்களேன். மேற்கு வூடு பின்னாடி வரும்." தீனதயாளன் சிரித்தது காதில் விழுந்தது. பிறகு லைன் அறுந்தது.

காசிநாதன் எழுந்து வாசலுக்கு வந்தார். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போன டிராக்டர் ஒன்று தெருவையே அடைத்துக்கொண்டு நகர்ந்தது. அது கடந்து போகும்வரை நின்றார்.

"வெற்றிவேலு."

"இன்னாப்பா?"

"நம்ம ஆளுங்க ஒருத்தனும் இனிமே கோயில் நம்பருக்குப் போன் போடக் கூடாது. இன்னிக்கே சொல்லிடு."

"அவங்க நிறுத்திட்டாங்களா?"

"இல்ல." துண்டை இழுத்துச் சரிசெய்தார். "நாமதான் மொதல்ல."

அடுத்த அமாவாசையன்று அவர் தாமே போனைத் திறந்து பார்த்தார். நடை நேரம் முதலில் இருந்தது. அடுத்தது திருவிழா நாள், அதற்கடுத்து காது குத்து. அதன் கீழே, இன்னும் முழுசாக இறங்காமல், அந்தக் கேள்வி கிடந்தது.

"அந்தப் பய இன்னும் கேட்டுக்கினுதான் இருக்கான்" என்றார். அவர் குரலில் வெறுப்பும் இருந்தது, ஏதோ ஒரு திருப்தியும் இருந்தது.