புரட்டாசி சனிக்கிழமை ஏறிய மட்டன்

"என்ன மலர், மணி பதினொன்னு தாண்டிருச்சு. என் போஸ்ட் இன்னும் வரலையே?"

கிள்ளானில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் ராசிக் அண்ணன் கேட்டபோது நான் அவர் கடைக்குள் நின்று, பிரியாணிச் சட்டியின் மூடியைத் திறக்கும் காட்சியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை பதினொன்றுக்கு மட்டன் தம் பிரியாணி என்று மாதக் காலண்டரில் போட்டு, அவரே வாட்சாப்பில் ஓகே சொன்ன போஸ்ட் அது.

"லைன் ஸ்லோவா இருக்கும்ணே, இருங்க பாக்குறேன்" என்று கைப்பேசியைத் திறந்தேன். போஸ்ட் வந்துதான் இருந்தது, பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் சீதாலெட்சுமி அக்காவின் சைவ உணவகத்தோட பேஸ்புக் பக்கத்தில்.

புரட்டாசி மாதம், அதிலும் சனிக்கிழமை. அக்காவுக்கு வருஷத்திலேயே பெரிய வியாபாரம் இந்தச் சனிக்கிழமைகளில்தான். விரதக்காரர்கள் குடும்பத்தோடு வந்து வரிசையில் நிற்பார்கள். அந்தப் பக்கத்தில் பளபளவென்று எலும்போடு மட்டன். மேலே, "நம்ம அடுப்புல இன்னைக்கு மட்டன். சீக்கிரம் வாங்க, இல்லாட்டி கெடைக்காது!" என்று என் கைப்பட எழுதிய வரி. லோகோ போட்டால் விளம்பரம் மாதிரி இருக்கிறது என்று ராசிக் அண்ணன் சொல்லியிருந்ததால் படத்தில் அவர் கடைப் பெயரும் இல்லை. பார்ப்பவன் என்ன நினைப்பான்? சைவ அடுப்பில் மட்டன் வேகிறது என்றுதான் நினைப்பான்.

நானும் என் பார்ட்னர் குகனும் ஏழு கடைகளுக்குப் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் பார்க்கிறோம். மாதப் பேக்கேஜ்தான். பன்னிரண்டு போஸ்ட், முன்கூட்டியே காலண்டர், மாதம் முடிந்ததும் ஒரு பக்க ரிப்போர்ட். எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் வாட்சாப்பில் கேட்டார்கள், எந்தப் போஸ்ட் எடுபட்டது, அவ்வளவுதான் அதில் இருக்கும். எல்லாவற்றையும் குகன் ஒரே மூச்சில் நேரம் குறித்து ஏற்றிவைப்பான். ஒரு கடை முடிந்து அடுத்த கடைக்குப் போகும்போது மேலே இருக்கும் பக்கத்தின் பெயரை மாற்ற வேண்டும். மாற்றவில்லை, மடையன். ஏற்றியதை ஒருதரம் ஓட்டிப் பார்ப்பது என் வேலை. பார்க்காமல் விட்ட மடச்சி நான்.

குகனை அழைத்தேன்.

"டிலீட் பண்ணிட்டேன் மலரு! நீ டென்ஷன் ஆகாத லா. பேஜை யாரோ ஹேக் பண்ணிட்டாங்கன்னு ஒரு போஸ்ட்டும் போட்டுட்டேன்."

"யாரைக் கேட்டுப் போட்ட?"

"எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க?"

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்தேன். ராசிக் அண்ணன் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். புதுப் போஸ்ட்டின் கீழே அதற்குள் ஒருவர் எழுதியிருந்தார்: "ஹேக் பண்றவன் மெனக்கெட்டு மட்டன் சமைச்சுப் படம் எடுத்துப் போடுவானா? யார் காதுல பூ சுத்துறீங்க?" அதற்கு நூறு பேர் சிரித்திருந்தார்கள். அழித்த படம் வாட்சாப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்துவிட்டது. என் சித்தியே எனக்கு அனுப்பியிருந்தார், கீழே "இந்தக் கடைக்கு இனிமே போகாதே" என்று வேறு.

விஷயத்தைக் கேட்ட ராசிக் அண்ணன் துண்டால் கையைத் துடைத்தார்.

"அந்த அக்கா பாவம்மா. அது என் பிரியாணின்னு தாராளமா சொல்லிடு. என் கடை பேரையும் சொல்லு. மொதல்ல கெளம்பு."

பிரிக்பீல்ட்ஸ் போகும் கூட்டரசு நெடுஞ்சாலையில் அன்றைக்கென்று பார்த்து நெரிசல். வழியெல்லாம் கைப்பேசி அலறிக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. சீதாலெட்சுமி அக்கா மட்டும் அழைக்கவே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

கடை வாசலில் வரிசை இல்லை. உள்ளே பாதி மேசைகள் காலி. இலை போட்டபடியே இருக்க, ஒரு குடும்பம் எழுந்து போய்க்கொண்டிருந்தது. அக்கா கல்லாவில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"காலையில இருந்து அடுப்படியில நிக்கிறேன் மலர். கோயிலுக்குப் போட வேண்டிய அன்னதான ஆர்டரை இப்பத்தான் கேன்சல் பண்ணாங்க. 'உங்க பாத்திரத்தை நாங்க எப்படிம்மா நம்புறது'ன்னு கேக்குறாங்க. இருபது வருஷமா இந்தக் கடைக்குள்ள ஒரு முட்டை வந்ததில்ல."

"தப்பு எங்களுது அக்கா. உண்மையைச் சொல்லிடலாம். உங்க அடுப்படியிலேர்ந்து லைவ் போறேன், நானே பேசுறேன்."

"ஹேக்குன்னு போட்டீங்களே, அது?"

"அது பொய். அதையும் சொல்றேன்."

அந்த நேரம் குகன் அழைத்தான். லைவில் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன். "பைத்தியமா உனக்கு? நம்ம பேரைச் சொன்னா மத்த ஆறு கடையும் போயிடும். நாளைக்கு எவன் நம்மகிட்ட பேஜைக் குடுப்பான்?"

அவன் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் எரிச்சல் இன்னும் கூடியது. "போனா போகட்டும், வை போனை" என்றேன். பயம் எனக்கும் இருந்தது.

கைப்பேசியை அக்கா கையில் கொடுத்துவிட்டு அடுப்பின் முன்னால் நின்றேன். எப்போதும் படம் பிடித்தே பழகியவள், இப்போது படத்துக்குள் நின்றேன்.

"வணக்கம். என் பேரு மலர். இந்தக் கடை பேஜைப் பாத்துக்கிறது நானும் என் பார்ட்னரும்தான். காலையில வந்த மட்டன் போஸ்ட், கிள்ளான்ல இருக்கிற ராசிக் பிரியாணிக் கடையோடது. ஏத்துறப்போ பேஜ் மாறிடுச்சு. சரிபாக்க வேண்டியது நான், பாக்கல. யாரும் ஹேக் பண்ணல. அப்படிப் போட்டதும் நாங்கதான், அது பொய். அக்காவுக்கு இதுல எதுவுமே தெரியாது. சந்தேகம் இருக்கிறவங்க இப்பவே வாங்க, நேரா அடுப்படிக்குள்ள வந்து பாருங்க."

சட்டி ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன். சாம்பார், கூட்டு, வாழைக்காய் வறுவல். கருத்துகள் கொட்டின. "இவளுக்கெல்லாம் எவன் வேலை குடுத்தான்" என்றுதான் முதலில் வந்தது. திட்டினார்கள், நன்றாகவே திட்டினார்கள். பிறகு ராசிக் அண்ணன் தன் கடைப் பக்கத்திலிருந்தே எழுதினார்: "அது எங்க மட்டன்தான். அந்த அக்கா கடை சுத்த சைவம். போய்ச் சாப்பிடுங்க."

ஒரு மணிக்கு மேல் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சிலர் உண்மையிலேயே அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். வழக்கமான கூட்டம் இல்லை, ஆனால் மேசைகள் நிறைந்தன. அன்னதானக்காரர்கள் அழைத்து, ஆர்டர் இருக்கட்டும் என்றார்கள். நான் நின்றபடியே ஒவ்வொரு கருத்துக்கும் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். தப்பித்தோமடா சாமி என்று இருந்தது. வாய்விட்டு அழ வேண்டும் போலவும் இருந்தது.

அக்கா ஒரு இலையை விரித்துத் தண்ணீர் தெளித்தார்.

"உக்காரு மலர். பச்சத் தண்ணிகூடக் குடிக்கல நீ."

"பரவால்லக்கா, இன்னும் பதில் போடணும்."

"சாப்பிட்டுட்டுப் பேசு."

அவரே பரிமாறினார். எனக்கு அப்போதுதான் பசி தெரிந்தது. நான் அள்ளிச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்து, தன் கைப்பேசியில் எதையோ நிதானமாக அமுக்கிக்கொண்டிருந்தார். திட்டவில்லை. ரசம் ஊற்றினார், அப்பளம் வைத்தார். இப்படி ஒரு மனுஷிக்கு இனிமேல் உயிரைக் கொடுத்து வேலை செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

யாரோ கேள்வி கேட்டிருப்பார்களே என்று இடது கையால் கைப்பேசியை எடுத்தேன். நான் பார்த்துக்கொள்ளும் பக்கங்களின் வரிசை வந்தது. சலூன், பூக்கடை, ராசிக் அண்ணன் கடை, எல்லாம் இருந்தன. அக்காவின் கடை இல்லை. மறுபடி திறந்தேன். இல்லை.

நிமிர்ந்து பார்த்தேன். அக்கா தன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"நீ உண்மையைச் சொன்ன. அதுக்கு நான் நன்றி மறக்க மாட்டேன் மலர். ஆனா அடுத்த சனிக்கிழமை பதினோரு மணிக்கு என் மனசு கெடந்து அடிச்சுக்கும். என்னால முடியாதுமா. பேஜுலேர்ந்து உங்களை எடுத்துட்டேன்."

தலையை ஆட்டினேன். கண்ணீர் இலையில் விழுந்ததை அவர் பார்க்காத மாதிரி எழுந்து, மோர்ச் செம்பை எடுத்து வந்தார்.

"குழி பண்ணு, மோர் ஊத்துறேன்."

நான் சோற்றில் குழி செய்தேன்.