கட்டைவிரல் மறைத்த மதிப்பெண்

படம் மட்டும் வந்திருந்தது. ஒரு வார்த்தை இல்லை, ஒரு கேள்விக்குறி கூட இல்லை.

டியூஷன் டீச்சர் கைபேசியை மேசைமேல் குப்புறக் கவிழ்த்து வைத்தார். அன்று மதியத்துக்குள் அது பதினோராவது படம். கோடு போட்ட தாள், மாணவக் கையெழுத்து, கோணலாகப் பிடித்த காமிரா, ஓரத்தில் யாருடைய விரலோ. அனுப்புகிறவர்களுக்கு அனுப்பியதோடு கடமை முடிந்துவிடுகிறது. இதற்கு மதிப்பெண் போட வேண்டுமா, பிழை திருத்த வேண்டுமா, சரியான விடையை எழுதித் தர வேண்டுமா? அதைக் கண்டுபிடிப்பது அவர் தலையில்.

"என்னக்கா, ரசிகர்கள் போட்டோ அனுப்பிட்டாங்களா?" என்றாள் தங்கை, துணிகளை மடித்துக்கொண்டே.

"வாயிலே என்ன கொழுக்கட்டையா இருக்கு இவங்களுக்கு? 'திருத்திக் குடுங்க'ன்னு ரெண்டு வார்த்தை எழுதினா விரல் தேஞ்சிடுமா?"

"நீ கேளேன்."

"கேட்டா 'பாத்துச் சொல்லுங்க டீச்சர்'னு வரும். எதைப் பாத்து, என்னத்தைச் சொல்றது?"

இதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. இரண்டு வருடமாக அதைத்தான் செய்துவந்தார். பாடப்புத்தகக் கணக்குகள் எல்லாவற்றுக்கும் தன் அச்சுப் போன்ற கையெழுத்தில் விடை எழுதிப் படம் பிடித்து வைத்திருந்தார். வார்த்தையில்லாமல் வரும் தாளுக்கு வார்த்தையில்லாமல் அந்த விடை போகும். இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. 'நன்றி டீச்சர்' என்றுதான் வரும்.

கைபேசியைத் திருப்பினார். பஸ் ஓட்டுநரின் எண். அவருடைய மகள் வாரத்தில் மூன்று நாள் டியூஷனுக்கு வருகிறவள், பத்துச் சொல் கேட்டால் ஒரு சொல் பதில் சொல்கிறவள். படத்தில் செவ்வக மைதானக் கணக்கு. அகலத்தைவிட நீளம் எட்டு மீட்டர் அதிகம், மூலைவிட்டம் நாற்பது மீட்டர், பக்கங்கள் எவ்வளவு? வலது ஓரத்தை ஒரு பெரிய கட்டைவிரல் மறைத்திருந்தது. தாளின் முதல் வரியில் 'y' என்று இருந்தது. எல்லாரும் 'x' என்று தொடங்குவார்கள். அதைப் பார்த்தார், தாண்டிப் போனார். தன் சேமிப்பில் அந்தக் கணக்கைத் தேடி, தொட்டு, அனுப்பினார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

இது திங்கட்கிழமை.

புதன்கிழமை காலை பதினொன்றரைக்கு வாசல் கதவை யாரோ தட்டினார்கள். தட்டல் இல்லை, இடி. சீருடையோடு ஓட்டுநர் நின்றார். பின்னால் பள்ளிப் பையோடு மகள், கண்ணெல்லாம் வீங்கி.

"டீச்சர், நான் உங்ககிட்ட என்ன கேட்டேன்? நீங்க என்ன அனுப்பினீங்க?"

"நீங்க எதுவுமே கேக்கலியே அண்ணே. போட்டோ மட்டும்தான் வந்துச்சு."

"சிக்னல்ல நிக்கிறப்போ அனுப்பினேன். ஸ்டியரிங்கைப் பிடிப்பேனா, உங்களுக்குக் கடிதம் எழுதுவேனா? பரீட்சைப் பேப்பர் திருத்தி வந்தாச்சு டீச்சர். அதுக்குப் போட்ட மார்க் சரியா தப்பான்னு கேக்கத்தான் அனுப்பினேன்!"

டீச்சருக்கும் கோபம் மூக்கின்மேல் ஏறியது. "திருத்தின பேப்பர்னு எனக்கு எப்படித் தெரியும்? மார்க் இருந்த இடத்தை உங்க கட்டைவிரல் மறைச்சிருக்கு."

ஓட்டுநர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேசைமேல் போட்டார். மறுபரிசீலனை விண்ணப்பம். மேலே சிவப்பு மையில் 'ஏற்கப்படவில்லை'. அதோடு பின் குத்தியிருந்தது டீச்சரின் சொந்தக் கையெழுத்தில் இருந்த விடை, கடையில் அச்செடுத்தது.

"கணக்குப் பிரிவுல சேரணும்னா எழுபத்தஞ்சு வேணும். இவ எழுபத்திரண்டு. இந்தக் கணக்குக்கு ஸ்கூல் கணக்கு வாத்தியார் அஞ்சுக்கு ரெண்டு போட்டிருக்காரு. நீங்க அனுப்பினதை நம்ம பக்கத்துச் சாட்சின்னு நினைச்சு நேத்து விண்ணப்பத்தோட குடுத்தேன். இன்னிக்கு அவர் என்ன சொன்னார் தெரியுமா? 'உங்க டியூஷன் டீச்சரே இப்படித்தான் செய்யணும்னு எழுதியிருக்காங்க, உங்க பொண்ணு அப்படிச் செய்யலியே'ங்கறாரு. மார்க்கை மாத்த இன்னிக்கு நாலு மணிதான் கடைசி."

"பேப்பரைக் குடு," என்றார் டீச்சர், மகளைப் பார்த்து.

அவள் கொடுக்கவில்லை. "அது தப்புதானே மிஸ்."

"யாரு சொன்னா?"

"நீங்கதான். தப்பா இருந்தாத்தானே சரியான விடை அனுப்புவீங்க?"

இந்த வாக்கியம் டீச்சருக்குள் எங்கோ போய் விழுந்தது. கையை நீட்டியபடியே நின்றார். கடைசியில் தாள் வந்தது.

இந்த முறை வாசித்தார். வரி வரியாக, நாற்காலியில் உட்காராமலே.

'நீளத்துக்கும் அகலத்துக்கும் நடுவில் உள்ள அளவு y என்க. அப்போது பக்கங்கள் y − 4, y + 4.' இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டியிருந்தாள். நடுவில் வந்த எட்டு y-யும் கழித்தல் எட்டு y-யும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விட, 2y² + 32 = 1600. அதிலிருந்து y² = 784. y = 28. பக்கங்கள் இருபத்துநாலும் முப்பத்திரண்டும். காரணிப்படுத்த வேண்டியதில்லை, எழுநூற்று அறுபத்தெட்டை உடைத்துத் திண்டாட வேண்டியதில்லை. டீச்சரின் விடை பதினோரு வரி, இது ஆறு.

இந்த வழியை அவர் எந்த வகுப்பிலும் சொல்லிக்கொடுத்ததில்லை. அவருக்கே தோன்றியதில்லை.

"யாரு சொல்லிக்குடுத்தா?"

"யாருமில்ல. ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா ஈசியா இருக்குமேன்னு நினைச்சேன்."

வலது ஓரத்தில் ஆசிரியரின் சிவப்பு மை. வரைந்த செவ்வகத்துக்கு ஒன்று, கடைசி விடைக்கு ஒன்று. நடுவில் இருந்த மூன்று மதிப்பெண் வரிகளுக்குப் பக்கத்தில் மேலிருந்து கீழாக ஸ்கேல் வைத்து இழுத்த ஒரு கோடு. டீச்சர் தன் கைபேசியில் திங்கட்கிழமைப் படத்தைத் திறந்து பெரிதாக்கினார். கட்டைவிரல் நகத்தின் ஓரமாக அந்தச் சிவப்புக் கோட்டின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. கவனித்திருந்தால் அது ஏற்கெனவே திருத்திய தாள் என்று தெரிந்திருக்கும். பார்க்கிற தூரத்தில்தான் இருந்தது.

"வாங்க," என்று செருப்பை மாட்டினார். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம் காலில் இறங்கி வேகமாக நடக்க வைத்தது.

பள்ளியின் ஆசிரியர் அறையில் நான்கு மேசைகள், ஒரே மின்விசிறி, சுவரோரமாக நூலால் கட்டிய விடைத்தாள் கட்டுகள். கணக்கு ஆசிரியரை மாணவர்கள் 'ஸ்கேல்' என்றுதான் சொல்வார்கள். அந்த ஸ்கேல் அவர் முன்னால்தான் கிடந்தது. அவர் பாதிச் சாப்பாட்டில் இருந்தார். டப்பாவை மூடி வைத்தார்.

"மறுபடியுமா சார்? காலையிலேயே சொல்லிட்டேனே."

"நான்தான் டியூஷன் டீச்சர்."

"ஓ. நல்லவேளை நீங்களே வந்தீங்க. இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"விடைக்குறிப்புலேயும் இதே படிகள்தான். சமன்பாடு, காரணி, தீர்வு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு மார்க். இந்தப் பொண்ணு எழுதினதுல அது எதுவும் இல்ல. விடையை மட்டும் எங்கேருந்தோ பிடிச்சிருக்கா."

"எங்கேருந்தோன்னா?" ஓட்டுநர் மேசையில் கையூன்றினார். "என் பொண்ணு பக்கத்துலே பாத்து எழுதினாங்கறீங்களா? பக்கத்துலே இருந்த பிள்ளைங்க எல்லாம் உங்க வழியிலதானே எழுதியிருக்கும்? இதை எவன் பேப்பரைப் பாத்து எழுதுவா?"

"குரலைக் குறைங்க."

"நான் பஸ் ஓட்டுறவன் சார், எனக்கு ஒரே குரல்தான்."

ஆசிரியர் ஓட்டுநரை விட்டு டீச்சரைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க மேடம். நாலு நாளா நூத்தி எண்பது பேப்பர் திருத்தியிருக்கேன். இவ வழி சரின்னா, நீங்க ஏன் இவ பேப்பரைப் பாத்துட்டு வேற விடையை எழுதி அனுப்பினீங்க?"

டீச்சர் பல பதில்களை எடுத்துப் பார்த்தார். 'மாற்று வழியும் தெரியட்டும் என்று அனுப்பினேன்.' நல்ல பதில். யாரும் மறுக்க முடியாது, முகமும் பிழைக்கும். ஆனால் அப்படிச் சொன்னால், தாளைப் பார்த்த பிறகும் தன் வழியே மேல் என்று நினைத்ததாகத்தான் ஆகும். அந்தப் பெண் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், தரையைப் பார்த்தபடி. இரண்டு நாளாக அவளே தன் விடையைத் தப்பென்று நம்பிக்கொண்டிருக்கிறாள்.

"நான் படிக்கல," என்றார்.

"என்னது?"

"இவ எழுதினதைப் படிக்காமலே அனுப்பினேன். அது என்கிட்ட ரெடியா இருக்கிற விடை. எல்லாருக்கும் அனுப்புறதுதான். இவ வழி சரியா தப்பான்னு அதுலே நான் எதுவும் சொல்லல. சொல்றதுக்கு நான் பாக்கவே இல்ல."

பெண் தலையைத் தூக்கினாள். ஓட்டுநரும் திரும்பினார். அவர் முகத்தில் இருந்த கோபம் இப்போது டீச்சர் பக்கம் திரும்பியது.

"இன்னிக்குக் காலையிலதான் படிச்சேன்," என்று டீச்சர் தொடர்ந்தார். "நீங்களும் படிக்கல சார். விடைக்குறிப்போட ஒப்பிட்டுப் பாத்தீங்க. இல்லாததைக் கண்டதும் ஸ்கேல் வெச்சுக் கோடு இழுத்தீங்க. நான் அரை நிமிஷம், நீங்க ஒரு நிமிஷம். அவ்வளவுதான் வித்தியாசம். இப்ப என் எதிர்லே படிங்க. எந்த வரி தப்புன்னு காட்டுங்க. காட்டினா நான் போயிடறேன்."

"எனக்குப் பாடம் எடுக்க வந்தீங்களா?"

"ஆறு வரி சார். படிங்க."

'ஸ்கேல்' மூக்குக்கண்ணாடியை மாட்டினார். முதலில் அலட்சியமாக. மூன்றாவது வரியில் பேனா நின்றது. ஓரத்தில் பென்சிலால் தானே ஒருமுறை விரித்துப் பார்த்தார். மறுபடி முதல் வரிக்குப் போனார். பக்கத்து மேசை ஆசிரியை ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டுத் தன் கட்டுக்குத் திரும்பினாள்.

"ஏம்மா," என்றார் கடைசியில், பெண்ணைப் பார்க்காமல், "நீளம், அகலம் எதுன்னு தனியா எழுதியிருக்கலாம்ல?"

"எழுதியிருக்கேன் சார். கடைசி வரி."

கடைசி வரியைப் பார்த்தார். இருமினார். இரண்டை அடித்து ஐந்து போட்டார், பக்கத்தில் சுருக்கொப்பம். முதல் பக்கத்தில் எழுபத்திரண்டை அடித்து எழுபத்தைந்து. மன்னிப்பு எதுவும் வரவில்லை. டப்பாவைத் திறந்து மீதிச் சாப்பாட்டைச் சாப்பிட ஆரம்பித்தார்.

வெளியே வந்ததும் ஓட்டுநர் நன்றி சொல்லவில்லை. "எத்தனை பேப்பருக்கு டீச்சர் இப்படிப் படிக்காம அனுப்பியிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார். டீச்சர் எண்ணிப் பார்த்தார். எண்ணிக்கை வரவில்லை. ஓட்டுநர் காத்திருக்காமல் டிப்போவுக்கு நடந்தார். பெண்ணும் வகுப்புக்குப் போய்விட்டாள்.

அந்த வாரம் அவள் டியூஷனுக்கு வரவில்லை. அடுத்த வாரத் திங்களும் இல்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கைபேசி ஒலித்தது, ஓட்டுநரின் எண். படம். தாள் முழுசாகத் தெரிந்தது, நான்கு ஓரமும். விரல் இல்லை. கீழே எழுத்து இருந்தது.

'மார்க் மட்டும் போடுங்க மிஸ். விடை எழுதி அனுப்பாதீங்க. படிச்சிட்டுப் போடுங்க.'

கடைசி வாக்கியம் சுட்டது. 'என்ன திமிர்' என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படித்தார். நாலாவது வரியில் ஒரு குறி மாறியிருந்தது. அதற்குப் பிறகு எல்லாம் அந்தத் தப்பான குறியோடு சரியாகவே போயிருந்தது. ஐந்தில் குறிக்கு ஒன்று குறைத்தார், விடைக்கு இன்னொன்று.

சரியான விடை அவர் சேமிப்பில் தயாராகத்தான் இருந்தது. விரல் ஒருமுறை அந்தப் பக்கம் போனது.

'மூணு,' என்று எழுதி அனுப்பினார். வேறு எதுவும் அனுப்பவில்லை.