இரண்டு பேர் கை பட்ட ட்ரெயிலர்

வின்னிபெக் போய் வந்த பயணத்தின் கணக்கை நிரூபா மேசையின் மேல் வைத்தபோது அகஸ்ரின் முதலில் கடைசி வரியைத்தான் பார்த்தார். அறுநூற்று முப்பத்தாறு டொலர். வருமான வரி பிடிக்கும் முன் அது.

ஸ்காபரோவின் கிழக்கு ஓரத்தில், பதினைந்து ட்ரக்குகள் நிற்கும் யாட்டின் மூலையில் இருந்தது அந்தச் சின்ன அலுவலகம். சாரதிகளின் சம்பளக் கணக்கை நிரூபா பார்த்தாள். அவள் ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். போகவும் வரவும் நாலாயிரத்து நானூறு கிலோமீற்றர். கிலோமீற்றருக்கு முப்பத்தெட்டுச் சதம். ஆயிரத்து அறுநூற்று எழுபத்திரண்டு வருகிறது. டீசலுக்கு முன்பணமாகக் கொடுத்தது இரண்டாயிரத்து எண்ணூறு. அகஸ்ரின் கொண்டுவந்த பில்லுகள் அதைவிட எண்பத்தாறு டொலர் குறைவு. அந்த எண்பத்தாறு கழிகிறது.

அது சரி என்று அகஸ்ரின் தலையாட்டினார். மிச்சக் காசைத் தெருவில் சாப்பாட்டுக்குச் செலவழித்தவர் அவர்தான். டீசல் முன்பணம் கொம்பனியின் காசு, தன் கூலியில்லை என்பது அவருக்குத் தெரியும்.

அடுத்த வரிதான் நெஞ்சில் இடித்தது. ட்ரெயிலர்க் கதவுச் சேதம், தொள்ளாயிரத்து ஐம்பது.

வின்னிபெக்கில் சாமான் இறக்கப் போனபோது குளிரூட்டி ட்ரெயிலரின் பின்கதவு திறக்கவில்லை. கீழ்ப்பிணைச்சல் உள்ளே வளைந்திருந்தது. சாமானுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கதவை அங்கேயே திருத்திக்கொண்டுதான் திரும்ப முடிந்தது. யாட்டை விட்டு வெளிக்கிட்டதிலிருந்து வின்னிபெக்கில் இறக்கும் வரைக்கும் ட்ரெயிலர் அகஸ்ரினின் பொறுப்பில் இருந்தது என்றும், வெளிக்கிடும்போது எல்லாம் சரி என்று அவரே கையெழுத்து வைத்திருக்கிறார் என்றும் முதலாளி இராஜரட்ணம் சொல்லியிருந்தார்.

நிரூபா கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அங்கிள், நாங்கள் மாகாணம் கடந்து ஓடுறபடியால் எங்களுக்கு மத்திய அரசின்ர தொழில் சட்டம். அந்த ட்ரெயிலரில உங்களைத் தவிர வேற ஆரும் கை வைச்சிருந்தால் சேதக் காசை உங்களிட்டப் பிடிக்கேலாது. ஆரும் தொட்டவையே?”

அகஸ்ரின் கணக்குத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழும்பினார்.

தொட்டவன் இருந்தான். கிளிபோட்.

பயணம் வெளிக்கிட்ட ஞாயிற்றுக்கிழமை, செத்துப்போன அகஸ்ரினின் அக்காவுக்கு முப்பத்தோராம் நாள் திருப்பலி. பூசை முடிந்து யாட்டுக்கு வந்து, ட்ரெயிலரை ட்ரக்கோடு கொழுவி, சுற்றிவரப் பார்த்துவிட்டு வெளிக்கிட்டால் வின்னிபெக்கில் குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. பூசையை விடுவோமா என்று அவர் யோசித்துக்கொண்டு நின்றபோது கிளிபோட் தானாகவே முன்வந்தான். அவனும் அங்கே சாரதி, அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். தான் எல்லாம் கொழுவி, குளிரூட்டியையும் ஓடவிட்டு வைப்பதாகவும், அவர் கோயிலால் நேரே வந்து ஏறிப் போகலாம் என்றும் சொன்னான். அப்படியே செய்தும் வைத்திருந்தான். வாகனத்தைப் பார்வையிட்ட படிவம் சாரதி இருக்கையில் கிடந்த ரப்லெட்டின் திரையில் நிரப்பிக் கிடந்தது. வெளியே உறைமழை. அகஸ்ரின் ஏறி உட்கார்ந்து, பின்பக்கம் போய்ப் பார்க்காமலே விரலால் தன் பெயரை எழுதினார். இடையில் நின்ற இடங்களில் சில்லையும் விளக்கையும் பார்த்தார். கதவின் கீழ்ப்பக்கத்தை உப்பும் சேறும் மூடியிருந்தன.

இந்த மார்கழியில்தான் கிளிபோட் இன்னொரு ட்ரக்கின் கண்ணாடியை உடைத்திருந்தான். இன்னொரு முறை ஏதும் நடந்தால் ட்ரக் திறப்பைத் தந்துவிட்டுப் போ என்று இராஜரட்ணம் எல்லாருக்கும் முன்னால் சொல்லியிருந்தார். கிளிபோட்டின் பெயரைச் சொன்னால் அந்தத் தொள்ளாயிரத்து ஐம்பது அவன் தலையில் இறங்கும், வேலையும் போகும் என்று அகஸ்ரின் நினைத்தார்.

வீட்டில் மனைவி அருள்நாயகி கணக்குத் தாளை இரண்டுதரம் வாசித்தாள். மகள் ஜூலிக்குத் தாதியர் படிப்பின் அடுத்த தவணைக் கட்டணம் வெள்ளிக்கிழமைக்குள் கட்ட வேண்டும். இல்லையென்றால் அவளுடைய இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். கட்டணத்துக்கென்று சேர்த்த காசில் குறைந்ததை இந்தப் பயணத்தின் கூலிதான் நிரப்ப வேண்டியிருந்தது. அறுநூற்றுச் சொச்சத்தால் அது நிரம்பாது.

யாரிடமும் கடன் கேட்போமா என்று அவள் கேட்கவில்லை. அக்காவின் செத்தவீட்டுக்கு வாங்கியதே இன்னும் முடியவில்லை. கிளிபோட்டின் கதையையும் அவர் சொல்லி முடித்த பிறகு அவள் ஒன்றுதான் சொன்னாள்.

“அந்தப் பெடியன்ர பெயரைச் சொல்லாதேங்கோ. ஆனால் பொய்யும் சொல்லாதேங்கோ.”

“ரெண்டும் சேந்து எப்பிடியப்பா?”

“தெரியாது. நீங்கள்தானே பெரிய ட்ரக் ஓடுறனீங்கள், ஒடுக்கமான ஒழுங்கைக்குள்ளயும் திருப்புவீங்கள்.”

அகஸ்ரினுக்கு அன்றைக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. இரவுச் செபத்தில் அவர் காசுக்காகக் கேட்கவில்லை. உண்மையைச் சொல்லும்போது நாக்குத் தடுமாறக்கூடாது என்று கேட்டார்.

அடுத்த நாள் இராஜரட்ணத்தின் முன்னால் போய் நின்றார். இராஜரட்ணம் கெட்ட மனிதர் இல்லை. ஒரு பழைய ட்ரக்கோடு தொடங்கி, காப்புறுதிக்காரனுக்கும் வங்கிக்கும் மாதாமாதம் பதில் சொல்லிப் பழகியவர். ஒவ்வொரு சேதமும் தன் முதுகில் ஏறுவதாகவே அவருக்குத் தெரியும்.

தான் ட்ரெயிலரைச் சுற்றிப் பார்க்காமல் கையெழுத்து வைத்தது தன் பிழை என்று அகஸ்ரின் சொன்னார். அதற்கு என்ன எச்சரிக்கை கொடுத்தாலும் வாங்குவதாகச் சொன்னார். ஆனால் கதவை வளைத்தது தானில்லை, ட்ரெயிலரைக் கொழுவியதும் தானில்லை என்றார்.

“அப்ப ஆர் கொழுவினது?” இராஜரட்ணம் கண்ணாடியைக் கழற்றினார்.

“அதைச் சொல்லமாட்டன் அண்ணை.”

“பேய்க்கதை கதைக்காதை. பேர் இல்லாத ஆள் வந்து கொழுவினதெண்டு நான் கணக்கில எழுதலாமே?”

“எழுத வேண்டாம். ஆனால் என்ர கையால நடந்ததெண்டும் எழுதாதேங்கோ. அதுக்கு நான் கையெழுத்து வைக்கமாட்டன்.”

வெள்ளிக்கிழமை சம்பளம் வங்கிக்குப் போகும்போது கழிவும் சேர்ந்தே போகும் என்று இராஜரட்ணம் சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். கதை முடிந்தது என்பதற்கு அடையாளம் அது.

கிளிபோட் மொன்க்ரன் நகருக்குப் போன பயணத்தில் இருந்தான். ஓடிக்கொண்டிருக்கிறவனுக்கு இப்படி ஒரு செய்தியைத் தொலைபேசியில் சொல்வது பாவம் என்று அகஸ்ரின் எடுக்கவில்லை. பனித்தெருவில் கை நடுங்கக்கூடாது. வியாழன் பின்னேரம் அவன் வரும் நேரம் பார்த்து யாட்டில் காத்து நின்றார். கிளிபோட் இறங்கியதும், கையில் கோப்பியைக் கொடுத்துவிட்டு, நடந்ததெல்லாம் சொன்னார்.

“உன்னை நான் காட்டிக்குடுக்கேல்லை. குடுக்கவும் மாட்டன். ஆனால் என்ன நடந்ததெண்டு எனக்குத் தெரிய வேணும்.”

கிளிபோட் சத்தியமாகத் தான் எங்கும் இடிக்கவில்லை என்றான். ட்ரக்கைப் பின்னால் எடுத்தான், ட்ரெயிலரின் முன்பக்கத்துக்குக் கீழே விட்டான், கொக்கி பூட்டிக்கொண்டது, அவ்வளவுதான். பூட்டிய சத்தம்கூட அன்றைக்கு வழமையை விடப் பெரிதாகக் கேட்டது என்று சொல்லிக்கொண்டு வந்தவன் பாதியில் நிறுத்தினான்.

இருவரும் அன்றைக்கு அந்த ட்ரெயிலர் நின்ற இடத்துக்கு நடந்தார்கள். யாட்டின் வேலிக்கு முன்னால் நெஞ்சளவு உயரமான கொங்கிரீட் தூண்கள் வரிசையாக நின்றன. ட்ரெயிலர்களின் பின்பக்கம் அவற்றைப் பார்த்தபடிதான் எப்போதும் நிற்கும். ஒரு தூணின் விளிம்பில் கொத்துப்பட்ட இடமும், அதில் ஒட்டிய வெள்ளைப் பெயின்ற்றும் இருந்தன.

அன்றைக்கு நிலம் கண்ணாடியாய் உறைந்திருந்தது. ட்ரக் பின்னால் வந்து முட்டிய வேகத்தில், பிரேக் பிடித்தபடியே ட்ரெயிலர் வழுக்கிப் போய்த் தூணில் அடித்திருக்கிறது. கொக்கி பூட்டியதும் கதவு இடிபட்டதும் ஒரே கணத்தில். இரண்டு சத்தத்தையும் கிளிபோட் ஒன்றாகக் கேட்டிருக்கிறான். பின்பக்கத்தை அவன் அதற்கு முன்பே சுற்றிப் பார்த்துப் படிவத்தை நிரப்பிவிட்டான். அதன் பிறகு போய்ப் பார்க்கவில்லை.

கிளிபோட் தூணைத் தடவிக்கொண்டு நின்றான். கோப்பி ஆறிப் போயிற்று.

“அண்ணை, நீங்கள் வீட்டை போங்கோ. நான் உள்ள போய்ச் சொல்லிப்போட்டு வாறன்.”

“வேலை போனால்?”

“நான் உதவி செய்யவெண்டு வந்தனான். உங்கட பிள்ளையின்ர படிப்பை நிப்பாட்ட வரேல்லை.”

அகஸ்ரின் வீட்டுக்குப் போகவில்லை. அவனோடு கூடவே உள்ளே போனார். தனியே போக விட்டால் அவன் சொன்னது பாதி கேட்கப்படும், தான் செய்த பிழை மறைந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியது.

இராஜரட்ணம் இருவரையும் பார்த்தார். கிளிபோட் நடந்ததைச் சொன்னான். அவன் தன் பிழையைப் பெரிதாக்கியபோது அகஸ்ரின் குறுக்கிட்டார். வெளிக்கிடுமுன் தான் சுற்றிப் பார்த்திருந்தால் யாட்டிலேயே கண்டுபிடித்திருக்கலாம், ஒழுங்காகப் பார்க்க வேண்டியவன் ஓட்டுகிறவன்தான் என்றார். யார் குற்றம் பெரிது என்று இரண்டு பேரும் போட்டி போடுவதைப் பார்த்து இராஜரட்ணத்துக்கு எரிச்சல் வந்தது.

“நல்லது. அப்ப தொள்ளாயிரத்து ஐம்பதை இவனிட்டப் பிடியுங்கோ நிரூபா.”

நிரூபா திரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

“பிடிக்கேலாது அங்கிள். அகஸ்ரின் அங்கிளிட்டயும் ஏலாது, இவரிட்டயும் ஏலாது. ட்ரெயிலர் ஒரு ஆளின்ர கையில மட்டும் இருந்தால்தான் அந்தக் கழிவு. இது ரெண்டு பேரின்ர கையில இருந்தது.”

“சேதக் காசைப் பிடிக்கலாமெண்டு வேலைக்குச் சேரேக்க எல்லாரும் எழுதித் தந்தவை.”

“எழுதித் தந்தாலும் இதுக்கு அது செல்லாது. நான் தொழில் திணைக்களத்துக்கு எடுத்துக் கேட்டனான். உங்கட பேரைச் சொல்லேல்லை.”

அகஸ்ரின் அப்போதுதான் விளங்கிக்கொண்டார். பெயரைச் சொன்னால் பாரம் தன் தோளிலிருந்து கிளிபோட்டின் தோளுக்கு மாறும் என்று நான்கு நாளாகப் பயந்திருந்தார். அது மாறவில்லை. ஒருவனுடைய பூசைக்காக இன்னொருவன் ட்ரெயிலரில் கை வைத்தான், அந்தக் கை இரண்டு பேரையும் காப்பாற்றியது. ஆண்டவர் தருகிற பதில் சில வேளை சட்டப் புத்தகத்துக்குள்ளும் இருக்கும் போல.

இராஜரட்ணம் அந்தக் கழிவைக் கணக்கிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். பிறகு இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் அடிக்கச் சொன்னார். கொழுவுகிறவன் யாராக இருந்தாலும், கொழுவிய பிறகு ஓட்டுகிறவன் சுற்றிப் பார்க்காமல் இனிக் கேற்றைத் தாண்டக்கூடாது என்றார். திறப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கிளிபோட் உள்ளே வந்ததுமே அதை மேசையில் வைத்துவிட்டிருந்தான். அவர்கள் வெளியே போகும்போது இராஜரட்ணம் அதை அவன் பக்கம் தள்ளிவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஆயிரத்து ஐந்நூற்று எண்பத்தாறு டொலருக்கான கணக்கு, வரி கழித்து வங்கிக்குப் போனது. எண்பத்தாறு டொலர் டீசல் மிச்சம் கழிந்தே இருந்தது, அதை யாரும் கேட்கவுமில்லை. ஜூலி மத்தியானமே கட்டணத்தைக் கட்டிவிட்டாள்.

சனிக்கிழமை காலை அகஸ்ரினும் கிளிபோட்டும் கழித்த பழைய ரயர்களை யாட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு தூணைச் சுற்றி இரண்டு ரயரைச் சங்கிலியால் கட்டினார்கள். அருள்நாயகி பொரித்துக் கட்டிக் கொடுத்த றோல்ஸ் பொதி ட்ரக்கின் படியில் ஆறிக்கொண்டிருந்தது. இரண்டாவது தூணுக்குப் போகும்போது அலுவலகக் கதவு திறந்தது. இராஜரட்ணம் குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டே வந்து, ஒரு ரயரைக் காலால் தட்டிப் பார்த்தார்.

“எல்லாத் தூணுக்கும் காணுமே?”

“இன்னும் ஆறு வேணும் அண்ணை.”

“பின்னுக்குக் கிடக்கு, வாங்கோ காட்டுறன்,” என்று சொல்லிவிட்டு அவர் முன்னே நடந்தார்.